ஈறில் ரத்தம், எட்டாம் மாதப் பிரசவம், ஸ்டென்ட்: எது உறுதி, எது வெறும் தொடர்பு?

ஐயா, நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். என் மகளுக்கு முதல் குழந்தை 34 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து பிறந்தது. இருபது நாள் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். இப்போது மறுபடியும் 18 வாரம். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. மதுரையில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டினோம். "ஈறு நோயால்தான் போன குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, உடனே லேசரில் ஆழமாகச் சுத்தம் செய்யாவிட்டால் இதுவும் அப்படித்தான்" என்றார். கூட வந்த என் கணவரின் வாயையும் பார்த்தார். அவருக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது, சுகரும் பிரஷரும் உண்டு, மூன்று மாத சுகர் 8.4. "இந்த ஈறு இன்னொரு அட்டாக்கைக் கொண்டுவரும்" என்று சொல்லி, இருவருக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்டார். அதைக் கேட்டதிலிருந்து மகளின் மாமியார், பல்லைக் கவனிக்காமல் விட்டதால்தான் பேரன் குறைமாதமாகப் பிறந்தான் என்று குத்திக் காட்டுகிறார். மகள் அழுகிறாள். இது உண்மையா?

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் மகளுடைய அழுகைக்குப் பதில். அந்தக் குழந்தை முன்னதாகப் பிறந்ததற்கு அவளுடைய ஈறுதான் காரணம் என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் ஆதாரம் கிடையாது. நான் இருபது வருடத்துக்கு மேலாக ஈறு நோயை மட்டுமே பார்த்து வருகிறவன். ஈறு நோயைப் பெரிதாகச் சொன்னால் என் தொழிலுக்குத்தான் லாபம். அப்படியிருந்தும் சொல்கிறேன், மாமியாரிடம் இந்தக் கடிதத்தைத் தாராளமாகப் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பல் மருத்துவர் ஒன்றும் இல்லாததைச் சொல்லிவிடவில்லை. 1996-இல் அமெரிக்காவில் ஆஃபன்பேக்கர் என்ற ஈறு நோய் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 124 தாய்மார்களை ஆராய்ந்தார்கள். குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பெற்றவர்களுக்கும் நிறைமாதத்தில் பெற்றவர்களுக்கும் ஈறு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். தீவிர ஈறு நோய் இருந்தவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று கணக்கு வந்தது. ஏழு மடங்கு என்றால் சும்மாவா? உலகம் முழுக்கப் பல் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். என் கிளினிக் சுவரில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் படம் போட்டு, கீழே கெட்டுப்போன ஈறின் படமும் போட்டு, பல வருடம் மாட்டி வைத்திருந்தேன். பிறகு கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் இருக்கும். அதே நாளில்தான் பிக்பாக்கெட்டும் அதிகம். இரண்டையும் எண்ணிக் கணக்குப் போட்டால், நீர்மோர் அதிகமாக ஊற்றும் இடத்தில் பர்ஸ் அதிகமாகக் காணாமல் போகிறது என்று அழகாக நிரூபித்துவிடலாம். அதற்காக மோர்ப் பந்தலை மூடினால் திருட்டு குறையுமா? இரண்டையும் கொண்டுவந்தது கூட்டம். ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் நடுவே அப்படி ஒரு கூட்டம் நிற்கிறது. புகைப்பது, சர்க்கரை நோய், வறுமை, சத்துக் குறைவு, மருத்துவரிடம் போக வழியில்லாதது எல்லாம் ஈறையும் கெடுக்கும், கர்ப்பத்தையும் பாதிக்கும். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கழித்துப் பார்ப்பார்கள். ஆனால் அளக்க முடிந்ததைத்தானே கழிக்க முடியும்? ஒரு பெண் எத்தனை வருடம் அரைவயிற்றோடு இருந்தாள் என்பதை எந்தப் படிவத்திலும் முழுதாக எழுத முடியாது.

அப்படியானால் உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? மோர்ப் பந்தலை மூடிப் பார்ப்பதுதான் வழி. ஈறு நோய் உள்ள கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கர்ப்ப காலத்திலேயே சுத்தம் செய்ய வேண்டும், மறு பாதிக்குப் பிரசவத்துக்குப் பிறகு செய்ய வேண்டும். குலுக்கிப் பிரிப்பதால் ஏழை, பணக்காரர், புகைப்பவர், புகைக்காதவர் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பார்கள். அப்புறம் எந்தப் பக்கம் குறைப்பிரசவம் குறைகிறது என்று எண்ணினால் போதும்.

ஆரம்பத்தில் நடந்த சில சிறிய சோதனைகளில் பலன் இருப்பது போலத் தெரிந்தது. பிறகு பெரியவை வந்தன. 2006-இல் அமெரிக்காவில் 823 பெண்களை வைத்து முடித்த சோதனையில், 21 வாரத்துக்கு முன்பே ஈறைச் சுத்தம் செய்துகொண்டவர்களில் 100-க்கு 12 பேருக்குக் குறைப்பிரசவம். தள்ளிப்போட்டவர்களில் 100-க்கு 12.8 பேர். இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. இத்தனைக்கும் சுத்தம் செய்துகொண்டவர்களின் ஈறு நன்றாகவே குணமாகியிருந்தது. ஈறு தேறியது, பிரசவ நாள் மாறவில்லை. எனக்கு மனதில் நிற்பது அடுத்தது. 1996-இல் ஏழு மடங்கு என்று சொன்ன அதே ஆஃபன்பேக்கர், சுமார் 1,800 பெண்களை வைத்துத் தன் கருத்தைத் தானே சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார். சிகிச்சை பெற்றவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 11.5 சதவீதம் பேருக்கும் குறைப்பிரசவம். சிகிச்சைப் பக்கம் ஒரு முடி கூடவே இருந்தது, அதுவும் தற்செயல்தான். தான் கிளப்பிய கருத்தைத் தானே சோதித்து, பலனில்லை என்று அச்சில் போடுவதற்கு ஒரு மனது வேண்டும்.

ஒரு வாசல் இன்னும் மூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனைகள் கர்ப்பம் தரித்த பிறகு செய்தவை. கர்ப்பத்துக்கு வெகு முன்பே ஈறைச் சரிசெய்தால் பலன் இருக்குமா என்ற கேள்விக்கு உறுதியான பதில் இன்னும் வரவில்லை. வாயில் வாழும் சில கிருமிகளை பனிக்குட நீரில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கிருமி அங்கே இருந்தது என்பது வேறு, அதுதான் பிரசவத்தைத் தூண்டியது என்பது வேறு. இன்றைய நிலவரப்படி தொடர்பு உண்டு, காரணம் என்று நிரூபணம் இல்லை, கர்ப்ப காலத்தில் சுத்தம் செய்தால் குறைப்பிரசவம் குறையும் என்பதற்கும் நிரூபணம் இல்லை.

அப்படியானால் மகள் பல்லை விட்டுவிடலாமா? கூடாது. ஈறில் ரத்தம் வருவதே ஒரு நோய், அதற்காகவே வைத்தியம் செய்ய வேண்டும். குழந்தையைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் அதைச் செய்யவைக்க வேண்டும் என்பதில்லை. அதே பெரிய சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. கர்ப்ப காலத்தில் ஈறைச் சுத்தம் செய்வதால் தாய்க்கும் குழந்தைக்கும் கூடுதல் ஆபத்து எதுவும் வரவில்லை. மாசமாக இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது என்று நம் பக்கத்தில் பாட்டிகள் சொல்வார்களே, அதற்கு இடமில்லை. 18 வாரம் என்பது உட்கார்ந்து செய்துகொள்ள வசதியான காலமும்கூட. வாந்தியும் குறைந்திருக்கும், வயிறும் இன்னும் பெரிதாகியிருக்காது.

ஆனால் முதலில் அவளுக்கு இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். கர்ப்பத்தில் ஹார்மோன் ஏறுவதால், பல்லில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசியும். இது இரண்டாம் மாதவாக்கில் தொடங்கி எட்டாம் மாதம் வரை ஏறி, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இதில் எலும்பு தேயாது. இன்னொன்றுதான் நிஜமான ஈறு நோய், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரைவது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழத்தை அளந்து சார்ட்டில் எழுதுவோம். 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். நான்கு, ஐந்து என்று ஏறினால் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஈறு மேல்நோக்கி வீங்கியிருப்பதால் எலும்பு நன்றாக இருந்தும் கம்பி நான்கு என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு எலும்பு போய்விட்டது என்று சொல்லக்கூடாது. ஈறு ஒட்டியிருக்கும் இடம் பல்லின் வேர்ப்பக்கம் கீழிறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை போகும்போது அந்த அளவுச் சார்ட்டைக் கேளுங்கள். அளக்கவே இல்லை என்றால், ஆழமான சுத்தம் வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று நாசூக்காகக் கேட்கலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மகளுக்குச் சாதாரண ஸ்கேலிங்கே போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் அளந்து பார்க்காமல் நான் முடிவு சொல்லமாட்டேன். லேசர்தான் வேண்டும் என்பதில்லை. காரையைச் சுரண்டி எடுக்கும் வழக்கமான முறையைவிட அது பெரிதாகக் கூடுதல் பலன் தருவதாக நிரூபணமில்லை. அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலும் ஸ்கேலிங் செய்துகொள்ளலாம். மரத்துப்போக ஊசி தேவைப்பட்டால் லிக்னோகெயின் போடலாம், பயமில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும், புரூஃபன் வகை வேண்டாம். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கை யாராவது எழுதினால், கர்ப்பமாக இருப்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள், அது குழந்தையின் பல்லின் நிறத்தையே மாற்றிவிடும். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று ஊரில் சொல்வார்கள். காரை நிரம்பியிருந்த இடத்தில் இடைவெளி தெரிவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மகளுக்கு என் துறைக்கு வெளியே இருக்கும் விஷயம் ஒன்றுதான் இப்போது அவசரம். அடுத்த குறைப்பிரசவத்துக்குத் தெரிந்த பெரிய அபாயக் காரணிகளில் ஒன்று, முன்பு ஒருமுறை குறைப்பிரசவம் ஆகியிருப்பது. போன முறை 34 வாரத்தில் தானாகவே பனிக்குடம் உடைந்தது என்ற விவரம் இப்போது பார்க்கும் மகப்பேறு மருத்துவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளையே சொல்லுங்கள். 16 முதல் 24 வாரத்துக்குள் கருப்பைவாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்ப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே சுருங்கியிருந்தால் புரோஜெஸ்டிரான் மருந்தோ, தேவைப்பட்டால் கருப்பைவாயில் தையலோ போடுவதைப் பற்றி அவர் முடிவு செய்வார். சிறுநீரில் கிருமி இருக்கிறதா, ரத்தம் குறைவாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். அந்த ஸ்கேனுக்கான காலம் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. ஈறுக்கு இரண்டு வாரம் கழித்து வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

சரி, கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேயும் கதை ஏறக்குறைய அதேதான், ஆனால் ஒரு திருப்பம் உண்டு. ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு கொஞ்சம் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்தது. புகை, வயது, சுகர் போன்றவற்றைக் கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சுகிறது என்று ஒத்துக்கொண்டது. ஆனால் ஈறு நோய் மாரடைப்பை உண்டாக்குகிறது என்பதற்கும், ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று அதே அறிக்கையில் எழுதியது. இதற்கு எதிராகப் பலர் காட்டுவது 2007-இல் வந்த ஒரு நல்ல சோதனை. தீவிர ஈறு நோய் உள்ள 120 பேரில் பாதிப்பேருக்கு முழுமையான ஈறு சிகிச்சை கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்த மறுநாள் ரத்தக் குழாய் விரியும் திறன் கொஞ்சம் குறைந்தது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முன்பைவிட நன்றாகிவிட்டது. ஆனால் அவர்கள் அளந்தது குழாய் எவ்வளவு விரிகிறது என்பதை. யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை எண்ணவில்லை. அது நம்பிக்கை தரும் அறிகுறி, அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றக்கூடாது.

அந்தத் திருப்பம் சுகரில் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உள்ள உறவு, குலுக்கிப் பிரித்துச் சோதித்தும் நிற்கிறது. சுகர் கூடினால் ஈறு கெடும். ஈறு நோய்க்கு வைத்தியம் பார்த்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாத சுகர் அளவு சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குகிறது. உங்கள் கணவருக்கு 8.4 என்கிறீர்கள். ஈறு நோய் உண்மையிலேயே இருந்து, அதைச் சரிசெய்தால், மருந்தை மாற்றாமலே எட்டுக்குப் பக்கத்தில் வர வாய்ப்பு உண்டு. இது சராசரிக் கணக்கு, எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனாலும் அவருக்கு ஈறு வைத்தியம் ஏன் என்று கேட்டால், மாரடைப்பைச் சொல்லமாட்டேன், சுகரைத்தான் சொல்வேன். பல்லும் மிஞ்சும்.

அவரைப் பல் நாற்காலியில் உட்காரவைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ சாப்பிடுவார். சுத்தம் செய்தால் ரத்தம் நிற்காது என்று பயந்து, அதை நாலு நாள் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்தவே கூடாது. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக்கூடாது. ஈறில் வரும் ரத்தம் பஞ்சை வைத்து அழுத்தினால் நின்றுவிடும், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அதே நாளில் உயிர் போகலாம். ஒரே நாளில் முழு வாயையும் செய்யாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள், கசிவைச் சமாளிப்பது எளிது.

ஸ்டென்டுக்காக முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் எதுவும் தேவையில்லை. அது வேறு ஆட்களுக்கு. செயற்கை வால்வு வைத்தவர், முன்பு இதயத்தின் உள்தோலில் கிருமித் தொற்று வந்தவர், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு ஈறைச் சுரண்டும்போது ரத்தத்தில் புகும் கிருமி வால்வில் போய்க் குடியேற வாய்ப்பு உண்டு. வாய்க்கும் இதயத்துக்கும் நடுவே காரணம் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய உறவு இந்தத் தொற்றுதான். பென்சிலின் ஒவ்வாமை இல்லாத பெரியவர்களாக இருந்தால் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்சிசிலின் 2 கிராம் கொடுப்போம். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, வால்வு மாற்றியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் உறவில் யாராவது இருந்தால், அவர்கள் பல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பிரஷருக்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அம்லோடிபினாக இருந்தால் அதுவே சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்து பல்லின் மேல் ஏறவைக்கும். அந்த வீக்கத்தை ஈறு நோய் என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டே இருப்பதில் பிரயோசனமில்லை. மாத்திரையை மாற்ற முடியுமா என்று இதய மருத்துவரைத்தான் கேட்க வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆகவே எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் அதிலேயே வையுங்கள். காலையில் சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்ட பிறகு போகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வந்து என் நாற்காலியிலேயே சுகர் இறங்கி மயங்கியவர்கள் இருக்கிறார்கள்.